உத்திரமும் பீமும்

காரிமங்கலத்தில் எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டினார்கள். ஓடுகளை இறக்கியபின் சுவருக்குச் சுவர் கிடந்த கனத்த மரங்களை நாலு பேர் தோள் கொடுத்துக் கீழே வைத்தார்கள். மேஸ்திரி அவற்றை உத்திரம் என்றார். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றினார்கள். அதைப் பீம் என்றார். இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன, பெயர் மட்டும் ஏன் வேறு என்று கேட்டேன். "உத்திரம்னா மரம் சார். கம்பி போட்டு ஊத்தினா பீம்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தண்ணீர்மட்டக் குழாயைப் பிடிக்கப் போய்விட்டார்.

உத்திரம் என்பதற்கு அகராதி வடமொழி மூலம் காட்டும். பீம் ஆங்கிலம். மேஸ்திரி என்ற பெயரே போர்ச்சுகீசியரோடு வந்தது. எந்தச் சொல் எந்தக் கப்பலில் வந்தது என்ற கணக்கு அவருக்குக் கிடையாது. இரண்டு பொருளுக்கு இரண்டு பெயர் வேண்டும், கிடைத்தவற்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். தமிழில் அறிவியலும் பொறியியலும் கற்பிப்பதைப் பற்றி நூறு ஆண்டுக்கு மேலாக நடக்கும் வாதத்தில் இந்த எளிய கணக்கு பல நேரம் விட்டுப்போயிருக்கிறது.

அந்த வீட்டுப் பையன் சிவில் இரண்டாம் ஆண்டு, தமிழ் வழி. பாலிடெக்னிக்கில் பல ஆண்டு பொருள்களின் வலிமை பாடம் எடுத்தவன் என்பதால் சாயங்காலம் நோட்டுப்புத்தகத்தோடு என்னிடம் வருவான். ஒருநாள் தன் வீட்டுப் பீமையே கணக்காகப் போட்டுக்கொண்டு வந்தான். நீளம் 4 மீட்டர். தளமும் தன் எடையும் சேர்ந்து மீட்டருக்கு 15 கிலோநியூட்டன் சுமை, சீராகப் பரவியது. இரு முனையும் சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் வளைக்கும் விளைவு wL²/8, அதாவது 15 × 16 ÷ 8 = 30. முனையில் நறுக்கும் விசை wL/2, அதாவது 15 × 4 ÷ 2 = 30. நீளம் 4 மீட்டராக இருந்தால் இந்த இரண்டு எண்ணும் எப்போதும் ஒன்றாகவே வரும். முதலாவதன் அலகு கிலோநியூட்டன் மீட்டர், இரண்டாவதன் அலகு கிலோநியூட்டன். பையன் இரண்டாவதைச் சரியாக எழுதியிருந்தான். முதலாவதற்கு "திருப்புத்திறன் = 30 kW" என்று போட்டிருந்தான்.

கிலோவாட் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "திறன்னா வாட்தானே மாமா? பத்தாவதுல அப்படித்தான் படிச்சோம்" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நம் பள்ளிப் பாடநூல்களில் ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவு திறன், அதன் அலகு வாட். அதே நூல்களில் விசை ஒன்றைத் திருப்ப முயலும் அளவு திருப்புத்திறன். தமிழில் கூட்டுச்சொல்லின் பின்பாதிதான் தலை. தேன்மொழி மொழிதான், மரக்கதவு கதவுதான். அப்படியானால் திருப்புத்திறன் ஒரு வகைத் திறனாக இருக்க வேண்டும். தமிழ் இலக்கணத்தை நம்பியவன் இயற்பியலில் தவறினான். இத்தனைக்கும் திறன் நல்ல தமிழ்ச்சொல். இதில் வடமொழியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

கலைச்சொல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் சொல் யாருடையது என்ற கேள்விதான் நம்மிடம் முதலில் வரும். அந்தக் கேள்வி வந்த வழியில் ஒரு பகுதி எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். அதற்கு முன் காரிமங்கலமும் சேலம் மாவட்டம். அந்தச் சேலத்தில், அப்போது வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்த ராஜாஜி, வெங்கடசுப்பையரோடு சேர்ந்து 1916-இல் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை ஏற்படுத்தினார். அறிவியல் சொற்களைத் தமிழில் உண்டாக்கிப் பரப்ப ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். பத்திரிகை ஆங்கிலத்தில் வந்தது. பாரதியார் இந்த முயற்சியை வரவேற்று எழுதினார். முடிந்தவரை தமிழ்ச்சொல், அது அகப்படாவிட்டால் வடசொல், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச்சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் காட்டிய வரிசை.

இந்த வரிசைகூடப் புதிதல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஏறத்தாழ இதே ஒழுங்கில் சொல் தேடினார். ஆனாலும் 1875-இல் அவர் வெளியிட்ட வேதியியல் நூலின் பெயர் "கெமிஸ்தம்". ஆங்கிலச்சொல்லை எடுத்து, அம் விகுதி ஒட்டி, புத்தகம், கணிதம் போல ஒலிக்க வைத்திருக்கிறார். இந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வரும். வாசலில் நிற்கும் விருந்தாளிக்கு வேட்டி கட்டிவிட்டு உள்ளே கூட்டிவந்தது போன்ற காரியம் அது.

1930-களில் சண்டை சூடுபிடித்தது. சென்னை மாகாணத் தமிழர் சங்கம் 1936-இல் விபுலாநந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூட்டி, 1938-இல் கலைச்சொற்கள் தொகுதியை வெளியிட்டது. 1940-இல் அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் ஒரு குழு அமைத்தபோது, வடசொல்லுக்கே அது பட்டுக்கம்பளம் விரிக்கும் என்று தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். பிறகு குழுவில் வேறு உறுப்பினர்களும் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் காலத்து வாதங்களில் அரசியல் இருந்தது, தன்மானம் இருந்தது. அவை இல்லாமல் பிற்பாடு வந்த வெப்பமும் ஆற்றலும் முடுக்கமும் நமக்குக் கிடைத்திருக்காது. உஷ்ணமானி என்று எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் வெப்பமானி என்று இயல்பாகச் சொல்கிறார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வடசொல் தரப்பு வைத்த வாதம் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதுதான் பொறியாளர் காதில் நியாயமாக விழும். இந்திய மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து சொல் எடுத்தால் நாடு முழுவதும் ஒரே கலைச்சொல் கிடைக்கும். தருமபுரியில் படித்தவன் போபாலில் வேலைக்குப் போனாலும் தடுமாற மாட்டான். 1961-இல் மத்திய அரசு நிறுவிய அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையமும் அனைத்திந்தியச் சொற்களைத் தேடியது இதனால்தான்.

சோதித்துப் பார்க்க வேகம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். காரிமங்கலம் சந்தைத்திடலை ஒரு டிவிஎஸ் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரில் சீராக வட்டமடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் 30-இலேயே நிற்கிறது. வண்டி போகும் திசை நொடிக்கு நொடி மாறுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்படி வண்டியின் வேகம் மாறவில்லை, திசைவேகம் மாறுகிறது. இலங்கைப் பாடநூல்படி வண்டியின் வேகம் மாறுகிறது, கதிதான் மாறவில்லை. இந்திப் பாடநூலும் வேக் என்பதை இலங்கைத் தமிழைப் போலத் திசையுள்ள அளவுக்கே வைத்திருக்கிறது. மூன்று பேரும் ஒரே வடசொல்லைத்தான் எடுத்தார்கள். மூவரில் யார் சொன்னதும் தவறில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து மாணவனும் தருமபுரி மாணவனும் ஒரே வண்டியைப் பார்த்துக்கொண்டு, வேகம் மாறுகிறதா இல்லையா என்று பொழுது சாயும்வரை சண்டை போடலாம்.

சக்தியும் அப்படித்தான். இலங்கையில் அது நாம் ஆற்றல் என்பது. இந்தியில் அது நாம் திறன் என்பது, கிலோவாட்டில் அளப்பது. ஒரே சொல்லை நம்பிக் கொழும்பிலிருந்து போபாலுக்குப் போகிறவன் வழியில் நேரத்தைத் தொலைத்துவிடுவான், ஏனென்றால் ஆற்றலுக்கும் திறனுக்கும் நடுவே இருப்பது ஒரு நொடி என்ற வகுத்தல். சொல் பொதுவாக இருப்பதால் பொருளும் பொதுவாகிவிடாது. வடமொழியில் கல்வி என்ற பொருளுடைய சிட்சை தமிழுக்கு வந்து தண்டனையான கதை நமக்குத் தெரியும். அதைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தைக் கேலி செய்வது பழைய வழக்கம் என்பதால் நான் தொடரவில்லை.

கம்பி ஒன்றை இழுத்தால் அது நீளும். நீண்ட அளவை முதல் நீளத்தால் வகுத்தால் வருவதைத் தமிழ்நாட்டில் திரிபு என்றும் இலங்கையில் விகாரம் என்றும் எழுதுகிறார்கள். நம் ஊர்க் காதுக்குக் கம்பியின் விகாரம் என்பது கம்பி அசிங்கமாக இருப்பதுபோலக் கேட்கும். உண்மையில் இரண்டுமே இலக்கண ஆசிரியர் வகுப்பிலிருந்து வந்த சொற்கள். புணர்ச்சியில் எழுத்து உருமாறுவதை நன்னூல் விகாரம் என்கிறது. அதன் மூன்று வகையில் ஒன்று திரிதல். சொல்லாக்கம் செய்தவர்கள் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே இலக்கணத்தைப் புரட்டியிருக்கிறார்கள். ஒருவர் வகையை எடுத்தார், மற்றவர் தொகையை எடுத்தார். வடசொல் என்பதற்காக விகாரம் இலங்கையில் ஒரு மாணவனையும் வழுக்கிவிழச் செய்யவில்லை. அங்கே அதற்கு வகுப்பறையில் ஒரே வேலை.

சரி, இந்தத் தொல்லையே வேண்டாம், ஆங்கிலச்சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம் என்பவர்கள் இன்று பெரும்பான்மை. வகுப்பறையில் நடப்பதும் அதுதான். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியபோதும் பாடம் நடந்த தமிழ் பெரும்பாலும் "இந்த பீம்ல லோடு அப்ளை பண்ணா பெண்டிங் மொமென்ட் மிட்ஸ்பேன்ல மேக்ஸிமம் வரும்" என்ற தமிழ்தான். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் சுளிப்பதில்லை, நானே அப்படித்தான் எடுத்திருக்கிறேன். அந்த வாக்கியத்தில் வேற்றுமையும் நிபந்தனையும் வினைமுற்றும் தமிழ். பையன்களுக்குப் புரிகிறது.

எழுதும்போதுதான் சிக்கல். தமிழ் எழுத்து க, ச, ட, த, ப ஆகியவற்றின் மெலிந்த ஒலியையும் வலிந்த ஒலியையும் பிரித்துக் காட்டாது. இடத்தை வைத்து நாமே உச்சரித்துக்கொள்வோம். பிறந்த சொல்லுக்கு அது போதும். வந்த சொல்லுக்குப் போதாது. பட்டறையில் இரும்புத் தகட்டின் தடிமனைப் பார்க்கும் கருவி கேஜ். பேரிங்குக்குள் குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்து வைக்கும் கூடும் கேஜ். இரண்டும் ஒரே மேசையில் கிடக்கும். ஆங்கிலத்தில் முதலெழுத்தே வேறு, ஒலியும் வேறு. தமிழ் நோட்டில் "கேஜைச் சரிபார்" என்று எழுதியிருந்தால் எதை என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்க வேண்டும். கான்கிரீட் சாலையில் இரண்டு பலகங்களை இணைக்கும் கம்பியும், தலை துவட்டும் துண்டும் தமிழ் எழுத்தில் டவல்தான். துண்டால் சாலையை இணைக்கிறார்கள் என்று யாரும் நினைக்கப் போவதில்லை, உண்மை. பம்ப் என்பது நீர் இறைப்பதா வண்டியைத் தூக்கிப்போடுவதா என்பதும் சூழலில் தெரிந்துவிடும். கேஜ் அப்படித் தெரியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே சூழல்.

இதில் ஒரு வேடிக்கை கவனிக்கத்தக்கது. கேஜ், ஷாஃப்ட், ஸ்ட்ரெஸ், ஹாப்பர் என்று நாம் எழுதப் பயன்படும் ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகள் வடமொழி ஒலிகளுக்காக வந்த கிரந்த எழுத்துகள். வடசொற்கள் பலவும் பாடநூலைவிட்டுப் போய்விட்டன. அவற்றுக்காகப் போட்ட நாற்காலிகளில் ஆங்கிலச்சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. இலங்கைத் தமிழர் அந்த நாற்காலிகளைப் பெரும்பாலும் போடவில்லை. ஐதரசன், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்று ஆங்கிலச்சொல்லையே தொல்காப்பியர் வடசொல்லுக்குச் சொன்ன முறையில், அயல் எழுத்தை நீக்கி எழுதினார்கள். நமக்கு அது கொஞ்சம் கரடுமுரடாகக் கேட்கும். ஆனால் கெமிஸ்தம் எழுதிய கிறீன் வைத்தியரின் ஊர் அது என்பது நினைவுக்கு வருகிறது.

எழுத்துச் சிக்கலைவிட ஆழமானது இன்னொன்று. ஆங்கிலச்சொல்லைக் கடன் வாங்கும்போது அதன் குழப்பமும் சேர்ந்தே வருகிறது. இதைக் காட்டப் பையனின் பீமுக்கே திரும்ப வேண்டும். அன்று சாயங்காலம் கிலோவாட்டை அடித்துத் திருத்தியபின், "இந்தப் பீமுக்குக் கம்பியே போடாமல் வெறும் கான்கிரீட் ஊற்றியிருந்தால் தாங்குமா, பார்" என்று சொன்னேன்.

பீமின் அகலம் 230 மில்லிமீட்டர், உயரம் 450. வளையும்போது மேல்புறம் நசுங்கும், கீழ்ப்புறம் இழுபடும். கீழ்ப்புறத்து இழுவை எவ்வளவு என்று தெரிய, குறுக்கே வெட்டிய முகத்தின் வடிவத்தைக் குறிக்கும் ஓர் அளவு வேண்டும். அகலத்தை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி 6-ஆல் வகுக்க வேண்டும். இங்கே அது ஏறக்குறைய 77.6 லட்சம் கன மில்லிமீட்டர். ஆங்கிலத்தில் இதன் பெயர் செக்‌ஷன் மாடுலஸ். வளைக்கும் 30 கிலோநியூட்டன் மீட்டரை இதனால் வகுத்தால் கீழ்ப்புறத்தில் சதுர மில்லிமீட்டருக்கு 3.86 நியூட்டன் இழுவை வருகிறது. எம்20 கான்கிரீட் வளையும்போது விரிசல் விடாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐ.எஸ். 456 விதிநூல் 0.7√fck என்ற சூத்திரம் தருகிறது. fck 20 என்றால் 3.13. இதன் பழைய ஆங்கிலப் பெயர் மாடுலஸ் ஆஃப் ரப்ச்சர். 3.86 கூடுதல், 3.13 குறைவு. கம்பி இல்லாவிட்டால் கீழ்ப்புறம் விரிசல் விடும், பீம் விழும். அதனால்தான் மேஸ்திரி கம்பியைக் கீழே போடுகிறார்.

பையன் போட்டுக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "மாமா, ரெண்டும் மாடுலஸ்னா ஒண்ணு கன மில்லிமீட்டர், இன்னொண்ணு சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன். எப்படி?" என்றான். இன்னும் இருக்கிறது என்றேன். அதே கான்கிரீட் எவ்வளவு விறைப்பானது என்று காட்டும் மாடுலஸ் ஆஃப் எலாஸ்டிசிட்டி அதே விதிநூலில் 5000√fck, சுமார் 22,400. அலகு முந்தைய 3.13-க்கு உள்ளதேதான், ஆனால் அது விரிசலின் எல்லை அல்ல. வளைந்துகொடுக்காத குணத்தின் அளவு. கம்பியையும் கான்கிரீட்டையும் ஒப்பிட வரும் மாடுலர் ரேஷியோவுக்கு அலகே கிடையாது. ஆங்கிலத்தில் படிக்கிற பையன்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுவதை நான் பல ஆண்டு பார்த்திருக்கிறேன். மாடுலஸ் என்று தமிழில் எழுதிவிட்டால் அந்தக் குழி அப்படியே நம் வாசலுக்கும் வந்துவிடும்.

தமிழ்நாட்டுப் பாடநூல் இதற்கு வைத்திருப்பது குணகம் என்ற வடசொல். யங் குணகம், பருமக் குணகம் என்று வரும். ஆனால் உராய்வுக்கும் உராய்வுக் குணகம் என்றே எழுதுகிறோம். முதலாவது எஃகுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன். இரண்டாவது அலகற்ற வெறும் பின்னம். ஆங்கிலத்தில் இங்கே இரண்டு வெவ்வேறு சொற்கள் உண்டு. நாம் அவற்றை ஒன்றாக்கிப் புதிதாக ஒரு குழியும் வெட்டினோம். இலங்கையில் யங்கின் மட்டு, உராய்வுக் குணகம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மட்டு என்பது அளவு என்ற பொருளில் நம் வீட்டுச்சொல். காதுக்கு மாடுலஸின் சாயலும் இருக்கிறது. இந்த ஒரு சொல்லுக்காகவே அதை ஆக்கியவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

அன்று நோட்டின் ஓரத்தில் நாங்கள் இப்படிப் பிரித்து எழுதிக்கொண்டோம். விறைப்பைக் காட்டுவது மீட்சி மட்டு. வெட்டுமுகத்தின் வடிவத்தைக் காட்டுவது வெட்டுமுகக் கெழு. விரிசல் விடும் எல்லை ஒரு தகைவு என்பதால் முறிவுத் தகைவு. இரண்டு மட்டுகளின் ஒப்பு மட்டு விகிதம். உராய்வுக்குக் குணகம் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு இப்போது வேறு வேலை இல்லை. திருப்புத்திறனைத் திருப்பம் என்று சுருக்கினோம். அதுவும் இலங்கை வழக்குதான். அதில் வாட்டுக்கு இடமில்லை. மட்டு, கெழு, தகைவு தமிழ். விகிதம், குணகம் வடசொல். விகிதத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. கோணம், சமன்பாடு இரண்டிலும் வடமொழி இருக்கிறது. பள்ளி நாளிலிருந்து கூடவே வரும் அந்தச் சொற்களைப் பொறியியல் வகுப்பில் வந்து மாற்றுவது, ஓடும் மோட்டாரில் பெல்ட் மாற்றுவது போன்றது. திரவத்தை நீர்மம் ஆக்கியவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் எண்ணெயை நீர்மம் என்று எழுதும்போது என் கை ஒரு கணம் தயங்கும்.

இப்படிச் சொல் செய்வதில் ஒரு வரம்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் பிரித்தவை எல்லாம் கணக்கில் வரும் அளவுகளின் பெயர்கள். கண்ணால் பார்க்க முடியாதவை, கடையில் விற்காதவை. அவை ஒன்றிலிருந்து ஒன்று பிறக்க வேண்டும்: தகைவு என்றால் இழுதகைவு, அமுக்கத் தகைவு, நறுக்குத் தகைவு. ஸ்ட்ரெஸ் என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு ஆங்கிலச்சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும், தவிர அந்தச் சொல் ஏற்கெனவே நம் ஊரில் மனக்கவலைக்கு வாடகைக்குப் போய்விட்டது. பொருள்களின் பெயர் அப்படியல்ல. காரிமங்கலம் கடைத்தெருவில் பேரிங்கைத் தாங்கி என்று கேட்டால் கடைக்காரர் எதைத் தாங்க என்று கேட்பார். நட்டு, போல்ட்டு, வால்வு, வாஷர், சென்ட்ரிங், கவர் பிளாக் இவற்றுக்கெல்லாம் வழக்கில் பெயர் உண்டு. அவற்றுக்குப் பாடநூலில் வேறு பெயர் வைத்தால் மாணவன் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் சுமப்பான், வேலைத்தளத்தில் ஒன்றை இறக்கி வைப்பான். எதை இறக்கி வைப்பான் என்பது தெரிந்ததுதான். கேஜ் போல இரண்டு பொருள் மோதும் இடத்தில் மட்டும் ஒன்றைத் தமிழாக்கிவிடலாம். பேரிங்கின் கேஜைக் கூடு என்று எழுதினால் எந்த மெக்கானிக்கும் தலையாட்டுவார்.

இன்னொரு வரம்பு பரீட்சை. கேட் தேர்வு ஆங்கிலத்தில், விதிநூல் ஆங்கிலத்தில், வேலைக்கான நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்தில். 2023 மே மாதம் அண்ணா பல்கலைக்கழகம் தன் உறுப்புக் கல்லூரிகளில் தமிழ் வழி சிவில், மெக்கானிக்கல் வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றது. சேர்க்கை குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். கலைச்சொல் சரியாக இருந்திருந்தால் சேர்க்கை கூடியிருக்கும் என்று நான் நம்பவில்லை. வேலை எந்த மொழியில் கிடைக்கிறதோ அந்த மொழிக்குத்தான் பிள்ளைகள் போவார்கள். ஆனால் உள்ளே வந்த பிள்ளைக்கு மொமென்ட்டும் திருப்பமும் ஒன்றே என்று தெரிய, இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். M என்ற குறியீடும் kN·m என்ற அலகும் இரண்டு மொழிக்கும் பொது. சொல் எதுவானாலும் அலகைச் சேர்த்து எழுதச் சொன்னால் குழப்பம் அங்கேயே பிடிபடும். பையனின் கிலோவாட்டும் அப்படித்தான் பிடிபட்டது. அவன் அலகை விட்டுவிட்டு வெறும் 30 என்று எழுதியிருந்தால் நானும் டிக் போட்டிருப்பேன்.

மறுவாரம் பையன் பாதி கட்டிய வீட்டில் நின்று மேஸ்திரிக்குத் திருப்பத்தை விளக்கிக்கொண்டிருந்தான். நடுவில் அதிகம், முனையில் சைபர், அதனால் நடுவில் கீழே கம்பி கூடுதல் என்று கையால் வளைத்துக் காட்டினான். மேஸ்திரி முழுக்கக் கேட்டார். "நடுவுல தொய்யும், அதத்தானே சொல்ற?" என்றார். பிறகு பிரித்துப் போட்ட உத்திரங்களில் ஒன்றைக் காலால் புரட்டிக் காட்டினார். பழைய ஆசாரி அதை நடுவில் சற்றே மேல்நோக்கி வளைந்த பக்கம் வானம் பார்க்க வைத்திருந்தார். எண்பது வருஷம் ஓட்டைச் சுமந்தும் மரம் இப்போதுதான் நேராகியிருந்தது.